எஃப்.ஐ.ஆர் ஃபில்டரில் கூட்டலுக்கு நடுவே ரெஜிஸ்டர் போட்டால் விடையே மாறுகிறது, உதவுங்கள்

புதுக்கிளாக்:
வணக்கம். 16 டேப் ஃபில்டர் ஒன்று எழுதியிருக்கிறேன், 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக், ஒவ்வொரு கிளாக்குக்கும் புது சாம்பிள் வருகிறது. எல்லாப் பெருக்கலையும் ஒரே வரியில் கூட்டினால் சிமுலேஷன் சரி, ஆனால் டைமிங் ரிப்போர்ட்டில் WNS மைனஸில் நிற்கிறது. பைப்லைன் செய்தால் விடை கொஞ்சம் தாமதமாக வரும், வேறு எதுவும் மாறாது என்றுதான் எல்லா இடத்திலும் படித்தேன். அதை நம்பி கூட்டல்களுக்கு நடுவே ரெஜிஸ்டர் போட்டேன். இப்போது டைமிங் பாஸ், ஆனால் விடை மாறிவிட்டது. 4 டேப்பாகச் சுருக்கி எழுதினாலும் அதே கதைதான்:

```verilog
always @(posedge clk) begin
  d1 <= x;  d2 <= d1;  d3 <= d2;
  s1 <= 2*x + 5*d1;
  s2 <= s1 + 7*d2;
  y  <= s2 + 3*d3;
end
```

இதில் வேடிக்கை என்னவென்றால், x-ஐ 1 என்று அப்படியே பிடித்து வைத்தால் y சரியாக 17-க்கு வந்து நிற்கிறது. கோஎஃபிஷியன்ட் தப்பாக இருந்தால் அது வராதே?

அலைவரிசை:
பைப்லைன் போட்டால் ஃபில்டரின் ஃபேஸ் மாறும் நண்பரே. அதனால் கோஎஃபிஷியன்டைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

ஒலிப்பித்தன்:
என் ஆடியோ போர்டில் இதே மாதிரிதான் எழுதியிருக்கிறேன், வருஷக்கணக்கில் ஓடுகிறது. கோடில் தப்பு இல்லை, உங்கள் டெஸ்ட்பெஞ்சைப் பாருங்கள்.

பழைய_ரெஜிஸ்டர்:
தம்பி, டெஸ்ட்பெஞ்சை விடுங்கள். ஒரே ஒரு கிளாக்குக்கு x = 1 கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் 0 வைத்து y-ஐப் பாருங்கள். சரியான ஃபில்டர் என்றால் கோஎஃபிஷியன்டுகள் 2, 5, 7, 3 என்று வரிசையாக வெளியே வர வேண்டும். உங்கள் கோடில் 2, 15 என்று இரண்டே எண்தான் வரும், பிறகு 0.

காரணம் இதுதான். 5 இரண்டு ரெஜிஸ்டரைத் தாண்டி கடைசிக் கூட்டலுக்கு வருகிறது, 7 ஒன்றைத் தாண்டி வருகிறது, 3 எதையும் தாண்டாமல் நேராக வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேறு வேறு கிளாக்கில் வெளியே வர வேண்டிய மூன்றும் ஒரே கிளாக்கில் மோதி 5+7+3 = 15 ஆகிவிட்டது. x-ஐப் பிடித்து வைத்தால் 17 வருவதும் இதனால்தான்: மாறாத உள்ளீட்டுக்கு எது எப்போது வந்தது என்பது பொருட்டே இல்லை, 2+15-ம் 17, 2+5+7+3-ம் 17. அந்தச் சோதனை இந்தப் பிழையை ஒருபோதும் காட்டாது.

தாமதம் மட்டும் கூடும் என்பது உண்மைதான், ஆனால் எல்லாப் பெருக்கலும் வெளியே போகும் வழியில் ஒரே எண்ணிக்கையில் கூடுதல் ரெஜிஸ்டரைத் தாண்டினால் மட்டுமே. மரம் மாதிரி கூட்டினால் அது தானாக அமையும்:

```verilog
  a <= 2*x  + 5*d1;
  b <= 7*d2 + 3*d3;
  y <= a + b;
```

சங்கிலியாகவேதான் வேண்டும் என்றால் டிலே லைனை d5 வரை நீட்டி, 7-க்கு d3, 3-க்கு d5 கொடுங்கள். எஃப்பிஜிஏவின் டிஎஸ்பி பிளாக்குகளை வரிசையாகக் கோக்கும்போது டேப்புக்கு இரண்டு ரெஜிஸ்டர் வைப்பது இதற்காகத்தான்.

அலைவரிசை சொன்னதில் பாதி சரி. ஃபேஸ் மாறும், ஆனால் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே கால அளவு தள்ளிப்போவதுதான் அது. அலையின் வடிவம் அப்படியே இருக்கும், கோஎஃபிஷியன்டைத் தொட வேண்டியதில்லை.

ஒலிப்பித்தன், உங்கள் சாம்பிள் 48 கிலோஹெர்ட்ஸா?

ஒலிப்பித்தன்:
ஆமாம், கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். டிலே லைன் மட்டும் சாம்பிள் வரும்போது நகரும், s1, s2 சும்மா ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய_ரெஜிஸ்டர்:
அதான் தப்பிக்கிறது. ஒரு சாம்பிள் 2000 கிளாக்குக்கு மேல் அசையாமல் நிற்கிறது, சங்கிலி மூன்றே கிளாக்கில் சரியான விடைக்கு வந்து சேர்ந்துவிடும், நீங்கள் அப்புறம்தான் y-ஐ எடுக்கிறீர்கள். s1, s2-க்கும் அதே எனேபிளைக் கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் 15 வரும்.

அலைவரிசை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மோட்டார் கன்ட்ரோலில் இருப்பவன். ஃபில்டர் ஃபீட்பேக் லூப்புக்குள் இருந்தால் அந்தத் தாமதமே லூப்பை ஆட வைத்துவிடும். 'தாமதம் மட்டும்தானே' என்று விட முடியாது.

பழைய_ரெஜிஸ்டர்:
மறுக்கவில்லை. லூப்புக்குள் என்றால் அந்தக் கிளாக்குகளையும் சேர்த்துத்தான் டிசைன் செய்ய வேண்டும்.

புதுக்கிளாக்:
நன்றி அண்ணா. 16 டேப்பையும் மரமாக மாற்றினேன், கூட்டல் நான்கு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ரெஜிஸ்டர். இம்பல்ஸ் கொடுத்தால் முன்பைவிட 3 கிளாக் தள்ளி அதே வரிசை வருகிறது, WNS பிளஸ். ஆனால் நாய்ஸ் கொடுத்து, 3 கிளாக் நகர்த்தி பழைய கோடோடு ஒப்பிட்டால் சில சாம்பிளில் மட்டும் கடைசி பிட் 1 வித்தியாசம் வருகிறது. இதுவும் பைப்லைனாலா?

பழைய_ரெஜிஸ்டர்:
ரெஜிஸ்டர் பிட்டை மாற்றாது. அடுக்குக்கு அடுக்கு கீழ்பிட்டை வெட்டுகிறீர்களா? 16 எண் கூட்டினால் 4 பிட் அகலம் கூடும், அதைக் கடைசி வரை முழுசாகக் கொண்டுபோய் ஒரே இடத்தில் வெட்டுங்கள்.

புதுக்கிளாக்:
இரண்டாவது அடுக்கில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை வெட்டுகிறேன். முதல் வெட்டை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுகிறேன். அகலம் கூடினால் டைமிங் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.