ஈசி50-க்குத் தமிழில் என்ன சொல்?

கயல்விழி:
வணக்கம். மருந்தியல் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மருந்தளவு கூடக்கூட விளைவு எப்படி ஏறுகிறது என்று காட்டும் வளைகோட்டில் ஈசி50 என்று ஒரு புள்ளி வரும். அதற்கு ‘அரை உச்சச் செறிவு’ என்று எழுதி, ஒரு மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். “சோதித்ததில் பெரிய செறிவு 1000 என்றால் இது 500 தானே?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, என் சொல் அப்படித்தான் பிரிகிறது. போதாததற்கு, மருந்து இரத்தத்தில் எட்டும் உச்ச அளவையும் ‘உச்சச் செறிவு’ என்றே முந்தைய அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். வேறு சொல் வேண்டும்.

சேது:
இதில் என்ன குழப்பம்? மருந்து கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை செய்யும் அளவுதானே அது? ‘பாதிப்பேர் அளவு’ என்று வைத்துவிடுங்கள். படித்தவுடன் புரியும்.

அன்பரசன்:
சேது சொல்வது ஈடி50. அதுவும் உண்மையான அளவுதான், ஆனால் வேறு படத்திலிருந்து வருவது. அங்கே ஒவ்வொருவரிடமும் கேட்பது ‘தூங்கினாரா, இல்லையா’ போன்ற ஆம்-இல்லைக் கேள்வி. நிலைக்குத்து அச்சில் இருப்பது ஆட்களின் விழுக்காடு. சோதனை விலங்குகளில் பாதி சாகும் அளவு என்று 1927-இல் மருந்தியலர் டிரெவன் கொண்டுவந்த எல்டி50-உம் இந்த வகைதான்.

கயல்விழி கேட்பதில் கூட்டமே கிடையாது. ஒரே ஒரு தசைத்துண்டை உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அது எவ்வளவு சுருங்கியது என்று அளக்கிறோம். ஒரு கட்டத்துக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் சுருக்கம் கூடாது. அந்த மேல்தளத்தின் பாதி உயரத்தை எந்தச் செறிவு தருகிறதோ, அதுதான் ஈசி50.

சேது:
சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் ஒன்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியானால் ‘நடுவிளைவுச் செறிவு’?

அன்பரசன்:
‘நடு’ என்ற சொல்லை ஈடி50-க்கு விட்டுவைப்போம். ஆட்களை அவரவருக்குத் தேவைப்பட்ட மிகக் குறைந்த அளவின்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் அளவு அது. அங்கே ‘நடு’ அச்சாகப் பொருந்தும்.

ராஜி:
நான் இந்தத் துறை இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குக் கால்வீக்கத்துக்கு ஃபியூரோசெமைடு 40 மில்லிகிராம் மாத்திரை கொடுத்துவந்தார்கள். அப்புறம் அதை மாற்றிப் புமெடனைடு 1 மில்லிகிராம் எழுதினார்கள். 40 எங்கே, 1 எங்கே? மருந்தைக் குறைத்துவிட்டார்களோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். இந்தப் புள்ளி அதைச் சொல்லுமா?

அன்பரசன்:
ராஜி அம்மா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். வாயால் சாப்பிடும் ஃபியூரோசெமைடு 40 மில்லிகிராமும் புமெடனைடு 1 மில்லிகிராமும் ஏறத்தாழச் சமம். இரண்டும் சிறுநீரகத்தில் ஒரே இடத்தில் வேலை செய்பவை, எட்டக்கூடிய உச்சமும் ஏறக்குறைய ஒன்றே. புமெடனைடின் வளைகோடு இடப்பக்கம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். குறைந்த அளவிலேயே பாதி உயரத்தை எட்டிவிடுகிறது. அப்பாவுக்கு மருந்து குறையவும் இல்லை, கூடவும் இல்லை. வாய்வழி மருந்தில் குடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதும் கணக்கில் சேரும் என்பதால், அந்த 40 மடங்கு முழுவதையும் வளைகோட்டின் தலையில் கட்ட முடியாது.

கயல்விழி:
இதைத்தான் பாடத்தில் ‘வீரியம்’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. வீரியமான மருந்து என்றால் நன்றாகக் கேட்கும் மருந்து என்றுதானே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்?

அன்பரசன்:
அந்தத் தயக்கம் சரியானது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. முதல் மருந்தின் உச்சவிளைவு 100, பாதி கிடைப்பது 30 நானோமோலாரில். இரண்டாவதன் உச்சம் வெறும் 40, பாதி கிடைப்பது 3 நானோமோலாரில்.

```
விளைவு = உச்சம் × செறிவு / (செறிவு + ஈசி50)
```

3 நானோமோலாரில் முதல் மருந்து 9 தருகிறது, இரண்டாவது 20. அங்கே இரண்டாவதுதான் மேலே. 15-இல் இரண்டும் 33-இல் சந்திக்கின்றன. 30-க்குப் போனால் முதலாவது 50, இரண்டாவது 36. அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் இரண்டாவது 40-ஐத் தாண்டாது. வீரியத்தில் பத்து மடங்கு கூடிய மருந்து, செய்ய முடிகிற வேலையில் பாதிகூட இல்லை. புப்ரெனார்ஃபின் என்ற வலிநிவாரணி இப்படித்தான். மார்ஃபினைவிட மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும், ஆனால் மூச்சை மந்தமாக்குவது ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. அந்த மருந்தில் அது ஒரு நன்மை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாவது மருந்தின் ஈசி50-இல் விளைவு 20 தான், 50 இல்லை. பாதி என்பது அந்தந்த மருந்தின் சொந்த உச்சத்தில் பாதி.

சேது:
அப்படியானால் சொல்லிலேயே அது தெரிய வேண்டும். ‘தன்னுச்சப் பாதிச் செறிவு’.

ராஜி:
நாக்கு சுளுக்கும் சேது சார்.

கயல்விழி:
‘அரைவிளைவுச் செறிவு’ சுருக்கமாக இருக்கிறது. அரை உயிர், அரை மனது என்பது போல அரைகுறை வாடை அடிக்கிறதோ? ‘பாதிவிளைவுச் செறிவு’ என்று வைத்தால்?

சேது:
அதில் வேறு ஆபத்து. ‘பாதி’ பாதித்தலுக்கும் பகுதி. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகையாகப் படித்தால், பாதிக்கும் விளைவு என்று ஆகிவிடும். பக்கவிளைவு என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிற துறையில் அது வேண்டாம். அரைவிளைவே மேல்.

அன்பரசன்:
எனக்கும் அரைவிளைவுச் செறிவு சம்மதம். எந்த உச்சத்தில் அரை என்பதைச் சொல்லுக்குள் திணிக்காமல், எண்ணைச் சொல்லும்போதெல்லாம் உச்சவிளைவையும் கூடவே எழுதுங்கள். ‘3 நானோமோலார், உச்சம் 40’ என்று.

படத்தில் படிக்கும் முறையையும் பாடத்தில் சேருங்கள். கிடை அச்சு மடக்கை அளவில் இருக்கும். 10-க்கும் 100-க்கும் சரிநடுவில் புள்ளி விழுந்தால் மாணவர்கள் 55 என்று எழுதுகிறார்கள். அது ஏறத்தாழ 32.

இதைவிட மோசமான தவறு, மேல்தளம் வருமுன் சோதனையை நிறுத்துவது. நம் முதல் மருந்தை 100 நானோமோலாருடன் நிறுத்தியிருந்தால் விளைவு 77-இல் நின்றிருக்கும். அதையே உச்சம் என்று கொண்டால் பாதி 38.5, செறிவு சுமார் 19. உண்மையான 30-ஐவிட வீரியம் கூடியதாகத் தோன்றும். கடைசி இரண்டு மூன்று புள்ளிகளும் ஒரே உயரத்தில் படுத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் அந்த ஈசி50-ஐ நான் எழுதவே மாட்டேன்.

கயல்விழி:
அரைவிளைவுச் செறிவு என்று மாற்றிவிட்டேன். அந்த 15 நானோமோலார் சந்திப்பை அப்படியே பயிற்சிக் கணக்காக வைக்கிறேன். ‘வீரியம்’ பற்றித்தான் மனம் ஒப்பவில்லை. ‘கூர்மை’ என்று யோசித்தேன்.

அன்பரசன்:
கூர்மை என்றால் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று நினைப்பார்கள். அது தனி அளவு.

சேது:
வீரியத்தையே வைத்துக்கொண்டு, மற்றதை ‘உச்சத்திறன்’ என்று பிரிக்கலாமே. மக்கள் வாயில் இருக்கும் சொல்லை எதற்கு விட வேண்டும்?

கயல்விழி:
மக்கள் வாயில் அது வேறு பொருளில் இருக்கிறது, அதுதான் சிக்கல். இந்த அத்தியாயத்தில் மட்டும் இப்போதைக்கு ‘வீரியம்’ என்றே விடுகிறேன், முதல்முறை வரும் இடத்தில் ராஜி அம்மாவின் இரண்டு மாத்திரைகளோடு. உங்களுக்குச் சம்மதமா அம்மா?

ராஜி:
தாராளமாக. அப்பாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.