பாட்டியின் குரல் மண்டபக் கணினியில் ஒலிக்கவில்லை

*குடும்பக் குழு: ஏற்காடு–சேலம் சொந்தங்கள்*

கவின்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் எண்பதாவது பிறந்த நாளில் காட்டுவதற்காக, பாட்டி பேசிய எட்டுச் சிறு ஒலிப்பதிவுகளைச் சேர்த்து ஒரு பவர்பாயிண்ட் தயாரித்தேன். அழகாபுரத்தில் எங்கள் வீட்டுக் கணினியில் எல்லாம் ஒலித்தன. இன்று மண்டபத்தில் போட்டுப் பார்த்தால், ஒலிபெருக்கிப் படம் திரையில் தெரிகிறது, அழுத்தினால் சத்தமே வரவில்லை.

செல்வி அத்தை: மைக் செட்காரரிடம் சொல்லிவிட்டால் போதும் கவின், சென்ற மாதம் எங்கள் தெருக் கோயில் விழாவிலும் இப்படித்தான் ஒரு பெட்டி பேசாமல் கிடந்தது.

கவின்: அத்தை, அதே கணினியில் வேறு பாட்டுகள் நன்றாகக் கேட்கின்றன. பாட்டியின் பதிவுகள் மட்டும்தான் ஒலிக்கவில்லை.

ரவி மாமா: எனக்குத் தெரியும். WAV கோப்புகள் மட்டுமே உள்ளே தங்கும், எம்பி3 தங்காது. எல்லாவற்றையும் WAV ஆக மாற்றி, அவற்றையும் ஒரே ஃபோல்டரில் பவர்பாயிண்டோடு வைத்துக் கொடு.

மீனா அக்கா: மாமா, நீங்கள் சொல்வது 2007 பதிப்பு வரைக்கும் உண்மைதான், அப்போது சிறிய WAV கோப்புகள் மட்டுமே தாமாக உள்ளே சேர்ந்தன. 2010 பதிப்பிலிருந்து எம்பி3 உட்பட எல்லாமே வழக்கமாக உள்ளேயே சேர்கின்றன. ஒரே ஃபோல்டரில் வைப்பதும் பல நேரம் பயன்படும், ஆனால் யாராவது பென்டிரைவிலிருந்து `.pptx` கோப்பை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துவிட்டால் ஒலிக் கோப்புகள் பென்டிரைவிலேயே தங்கிவிடும். கவின், Insert பொத்தானின் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி Link to File என்று தேர்ந்தெடுத்தாயா?

கவின்: ஆம் அக்கா. கோப்பு பெரிதாகிவிட்டால் அனுப்பச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மீனா அக்கா: அதனால் கோப்புக்குள் இருப்பது உன் Downloads ஃபோல்டரின் முகவரி மட்டுமே, பாட்டியின் குரல் அதில் இல்லை. ஒலிபெருக்கிப் படம் கோப்பிலேயே சேர்ந்திருப்பதால் அது எங்கும் தெரியும். உறுதி செய்துகொள்ள, கோப்பின் ஒரு நகலை எடுத்து அதன் முடிவை `.pptx` என்பதிலிருந்து `.zip` என்று மாற்றி, `ppt` ஃபோல்டருக்குள் உள்ள `media` ஃபோல்டரைத் திறந்து பார்.

கவின்: பார்த்தேன். `image1.png`, `image2.jpeg` என்று படங்கள் மட்டுமே இருக்கின்றன. ஒலி ஒன்றும் இல்லை.

மீனா அக்கா: சரி, இன்னொரு கேள்வி. பதிவுகள் என்ன வடிவில் உள்ளன?

பிரபு அண்ணன் (ஏற்காடு): நான்தான் பாட்டி மிளகுக் கொடிகளைப் பற்றிப் பேசியதை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினேன். கவின் அதைக் கணினியில் இறக்கியபோது `.ogg` என்று வந்ததாகச் சொன்னான்.

மீனா அக்கா: அப்படியானால் உள்ளே சேர்த்தாலும் மறுபடி சிக்கல் வரும். அந்த வகை ஒலியை வாசிக்கத் தேவையான கோடெக் உன் கணினியில் இருக்கிறது, மண்டபக் கணினியில் இருக்குமென்று நம்ப முடியாது. முதலில் எட்டையும் எம்பி3 ஆக மாற்று:

```
ffmpeg -i paatti1.ogg -b:a 96k paatti1.mp3
```

கட்டளை எழுதப் பிடிக்காவிட்டால் விஎல்சியில் Convert / Save வழியாகவும் செய்யலாம். இந்த அளவில் நொடிக்குச் சுமார் 12 கேபி தான், எனவே 20 நொடிப் பதிவு 240 கேபி. எட்டும் சேர்ந்து 2 எம்பியைத் தாண்டாது. பழைய இணைப்புகளை நீக்கிவிட்டு, Insert, Audio, Audio on My PC என்று சென்று, அம்புக்குறியைத் தொடாமல் Insert என்பதையே நேராக அழுத்து.

ரவி மாமா: WAV தான் தரமானது என்பதில் நான் மாறமாட்டேன்.

மீனா அக்கா: தரத்தில் குறையில்லை மாமா, ஆனால் ஸ்டீரியோ WAV என்றால் ஒவ்வொரு 20 நொடிக்கும் சுமார் 3.5 எம்பி ஆகும். பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை.

கவின்: மாற்றிச் சேர்த்துவிட்டேன். இப்போது `media` ஃபோல்டரில் `media1.mp3` முதல் `media8.mp3` வரை இருக்கின்றன.

மீனா அக்கா: இன்னும் நம்பாதே. உன் கணினியில் மூலப் பதிவுகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, பவர்பாயிண்டை மூடித் திறந்து எட்டையும் ஒலிக்கவிடு. அப்போதும் ஒலித்தால்தான் அவை உண்மையில் உள்ளே இருக்கின்றன. பழைய `.ppt` வடிவில் சேமித்துவிடவும் வேண்டாம்.

கவின்: பெயரை மாற்றிய பின்னும் எட்டும் ஒலிக்கின்றன. ஆனால் மண்டபக் கணினியில் பவர்பாயிண்ட் இருக்கிறதா, லிப்ரே ஆபீஸ் இருக்கிறதா என்று நான் கவனிக்கவில்லை.

மீனா அக்கா: லிப்ரே ஆபீஸ் என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது, அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியதும் சத்தம் ப்ரொஜெக்டருக்குப் போய்விடலாம், அதையும் பார்த்துக்கொள்.

செல்வி அத்தை: நான் சொன்ன மைக் செட்காரர் வெள்ளிக்கிழமை மாலை அங்கே வருகிறார், அவரோடு போய்விட்டு வா.

பிரபு அண்ணன்: நான் மலையிலிருந்து வெள்ளிக்கிழமை இறங்குகிறேன், என் மடிக்கணினியையும் எடுத்து வருகிறேன். ஐந்தாவது பதிவில் பாட்டி இருமுவதை மட்டும் வெட்டிவிடாதே கவின்.