ஹீட்மேப்பில் உச்ச மதிப்புள்ள கட்டத்தை அப்படியே மூட்டின் இடமாகக் கொள்ளலாமா?

மீனா: படத்தில் ஆளின் மூட்டுகளைக் கண்டறியும் மாதிரி ஒன்றை இயக்குகிறேன். ஒவ்வொரு மூட்டுக்கும் அது ஒரு ஹீட்மேப் தருகிறது, அதாவது மூட்டு எந்தக் கட்டத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் மதிப்புகளின் அடுக்கு. உள்ளீட்டுப் படம் 192×256, ஹீட்மேப் 48×64. மணிக்கட்டுக்கு அதிக மதிப்புள்ள கட்டத்தை எடுத்து 4 ஆல் பெருக்குகிறேன். இது போதுமா?

சரவணன்: போதும். உச்சம் சரியான கட்டத்தில் விழுந்தால், ஒவ்வோர் அச்சிலும் பிழை 2 பிக்சலைத் தாண்டாது. அதைத் திருத்தச் செலவிடும் உழைப்பைப் பயிற்சித் தரவில் செலவிடுவதே நல்லது.

தேவகி: அந்த 2 பிக்சல் சுருக்கிய படத்தின் கணக்கு. மூலப் படத்தில் 768 பிக்சல் உயரமிருந்த ஆளை 256 ஆகச் சுருக்கியிருந்தால் அதுவே 6 பிக்சலாகிவிடும். மணிக்கட்டு உண்மையில் ஹீட்மேப்பின் x = 21.3 இல் இருப்பதாகவும், அதைச் சுற்றி எழும் மணிவடிவக் காஸியன் மேட்டின் அகலத்தைக் குறிக்கும் சிக்மா 2 கட்டம் என்றும் கொள்ளுங்கள். கட்டம் 20 இல் 0.810, 21 இல் 0.989, 22 இல் 0.941 என்ற மதிப்புகள் வரும். உச்சத்தை மட்டும் பார்த்தால் விடை 21. ஆனால் வலப்பக்கத்து மதிப்பு இடப்பக்கத்தைவிட உயர்ந்திருப்பதே, மேட்டின் முகடு வலப்புறம் தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

சரவணன்: அதற்குத்தான் உயர்ந்த பக்கத்தை நோக்கிக் கால் கட்டம் நகர்த்தும் பழைய வழக்கம் இருக்கிறதே. 21.25 கிடைக்கும், சுருக்கிய படத்தில் பிழை வெறும் 0.2 பிக்சல்.

தேவகி: இந்த எடுத்துக்காட்டுக்கு அது பொருந்துகிறது. மணிக்கட்டு 21.05 இல் இருந்தாலும் அதே கால் கட்டம்தான் நகரும். அப்போது பிழை 0.8 பிக்சல், நகர்த்தாமல் விட்டிருந்தால் 0.2 மட்டுமே. 2020 இல் வந்த DARK முறை மதிப்புகளின் மடக்கையை எடுக்கிறது, அதை L என்றும் உச்சக் கட்டத்தை x என்றும் குறிப்போம். காஸியனின் மடக்கை ஒரு பரவளையம் என்பதால் மூன்று புள்ளிகளே முகட்டைக் காட்டிவிடும்:

```
d1 = (L[x+1] - L[x-1]) / 2
d2 = L[x+1] - 2*L[x] + L[x-1]
x_new = x - d1/d2
```

முதல் எடுத்துக்காட்டில் d1 = 0.075, d2 = -0.25, எனவே விடை சரியாக 21.3.

முருகன்: என் மிதிவண்டிக் காணொளிகளில் பக்கவாட்டில் பார்க்கும்போது முழங்காற்புள்ளி இரண்டு கால்களுக்கும் நடுவே, முழங்காலே இல்லாத இடத்தில் நிற்கிறது. இந்தச் சூத்திரம் அதைச் சரிசெய்யுமா?

தேவகி: நீங்கள் எல்லாக் கட்டங்களின் எடையிட்ட சராசரியை எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே ஹீட்மேப்பில் இரண்டு மேடுகள் எழுந்தால் சராசரி நடுப்பள்ளத்தில்தான் விழும். உச்சத்திலிருந்து தொடங்கினால் ஏதாவதொரு முழங்காலில் நிற்கும். அது எந்தக் கால் என்பதை இந்தச் சூத்திரத்தால் தீர்மானிக்க முடியாது.

சரவணன்: மாதிரி தரும் மேடு உண்மையில் காஸியனாக இருப்பதில்லையே. மறைந்திருக்கும் கைக்கு அது கோணலாகவும் இரட்டை முகட்டோடும் வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே d2 என்ற இரண்டாம் வகையீட்டை நம்புவது ஆபத்து.

தேவகி: அதனால்தான் மடக்கைக்கு முன் ஹீட்மேப்பைக் காஸியனால் மென்மையாக்குகிறார்கள். மீனா, 4 ஆல் பெருக்கும் முன் உள்ள ஆயிரக்கணக்கான விடைகளில் தசமப் பகுதியை மட்டும் எடுத்து வரைந்து பாருங்கள். அவை 0 இலோ 0.25, 0.75 இலோ குவிந்தால், இழப்பு உங்கள் உச்சக் கணக்கில்தான் நேர்கிறது. மென்மையாக்கும் முன் எடுத்த உச்சத்திலிருந்து நகர்வின் அளவு அடிக்கடி அரைக் கட்டத்தைத் தாண்டினால் சரவணன் சொல்லும் கோணல் மேடுகள் அவை.

சரவணன்: மறைந்த மூட்டுகளுக்கு எவ்வளவு மென்மையாக்குவது என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மிகுதியாக்கினால் அடுத்தடுத்த இரு முகடுகள் ஒன்றாகக் கலந்து, முருகனின் நடுப்பள்ளத்துக்கே திரும்ப வந்துவிடுவோம்.