லீன் ஃபயர் கணக்கில் சொந்த வீட்டைச் சேர்ப்பது சரியா?

காவிரிக்கரை:
எனக்கு வயது 43. கும்பகோணத்தில் இருக்கும் சொந்த வீடு 65 லட்சம் பெறும். மியூச்சுவல் ஃபண்டு, பிபிஎஃப், வங்கி வைப்பு மூன்றும் சேர்ந்து 90 லட்சம். மாதச் செலவு 30 ஆயிரம். ஆக மொத்தம் 1.55 கோடி, அதாவது ஆண்டுச் செலவைப் போல 43 மடங்கு. சிக்கனச் செலவோடு சீக்கிரம் ஓய்வு பெறும் லீன் ஃபயரைத் தாண்டி, வழக்கமான செலவோடு ஓய்வு பெறும் ரெகுலர் ஃபயருக்கே வந்துவிட்டேன். அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். ஐந்து கோடி வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்கள் தங்கள் ஆடம்பரத்துக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
நண்பர் காவிரிக்கரை அவர்களுக்கு, அந்த 43 மடங்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தபோது எரிச்சலைவிடக் கவலைதான் அதிகமாக ஏற்பட்டது. நீங்கள் சொந்த வீட்டில் இருப்பதால் உங்கள் 30 ஆயிரத்தில் வாடகை இல்லை. அந்த வீடு செலவைக் குறைத்து ஒருமுறை உங்களுக்கு உதவிவிட்டது. அதே வீட்டை நிதியிலும் சேர்த்து இரண்டாம் முறையும் வேலை வாங்குகிறீர்கள். வீட்டை நீக்கினால் மிஞ்சுவது 90 லட்சம், 3.6 லட்சச் செலவுக்கு அது சரியாக 25 மடங்கு. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு இருந்தால் போதும் என்ற விதிகூட 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அமெரிக்கப் பங்குகளையும் அமெரிக்க அரசுக் கடன்பத்திரங்களையும் வைத்து, ஓய்வுக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளுக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. 43 வயதில் வேலையை விடுகிற உங்களுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளாவது பணம் தாங்க வேண்டும், அதுவும் நம் நாட்டு விலைவாசியில். 33 மடங்குக்குக் குறைந்து நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்படியானால் உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ 29 லட்சம் தேவை.

காவிரிக்கரை:
வீடு சொத்தா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். சொத்து என்றால் சேர்ப்பேன். என் தாத்தா கட்டிய வீட்டைப் பூஜ்யம் என்று எழுத எந்தப் பெங்கனுக்கும் உரிமை இல்லை.

அண்ணாநகர்வாசி:
தாத்தா வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாதம் 30 ஆயிரத்தில் காலம் தள்ளுவதற்கு நிதி விடுதலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! ஒரு கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்தாலே அந்த மாதக் கணக்கு கவிழ்ந்துவிடும். எங்கள் குடும்பத்துக்கு மாதம் ஒன்றேகால் லட்சம் செலவாகிறது. கார், பிள்ளைகளின் படிப்பு, ஆண்டுக்கொரு பயணம், எதற்கும் யோசிக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் ஐந்து கோடி என்று இலக்கு வைத்தேன், அதை எட்டியும் விட்டேன். இதில் ஆடம்பரம் எங்கே வந்தது? எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவருக்கு விடுதலை கிடைத்ததாக நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காவிரிக்கரை:
வந்துவிட்டார் ஐயா. சென்ற ஆண்டு தங்க நகையை முதலீடு என்று சொன்னதற்காக என்னைக் கேலி செய்தவரும் இவர்தான். அதன் பிறகு தங்கம் ஏறியதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை.

வைகைமீனா:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எங்கள் மதுரை வீடும் இப்படித்தான், கணக்கில் எல்லோரும் சேர்த்து வைத்திருந்தோம். அப்பா காலமான பிறகு அது உடன்பிறந்தவர்கள் நான்கு பேருக்கும் பொது என்று ஆனது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாவதற்குள் அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதே நின்றுவிட்டது. காவிரிக்கரை சார், உங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

காவிரிக்கரை:
அம்மா பெயரில். அதனால் என்ன? எனக்கு ஒரே தங்கை. அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள், கேட்க மாட்டாள்.

கணக்குப்பிள்ளை:
அம்மையார் கேட்ட ஒரு கேள்வியில் 65 லட்சமும் ஆட்டம் கண்டுவிட்டது. வீடு இன்று உங்கள் சொத்தே அன்று, உங்கள் தாயாரின் சொத்து. அவர் உயில் எழுதாமல் போனால் உங்கள் தங்கைக்கும் உங்களுக்கும் சம பங்கு. தங்கை தன் பங்கைக் கேட்க மாட்டார் என்பது இன்றைய நம்பிக்கை. அது நாளை பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகப் பதிவானால்தான் சட்டத்தின் முன் நிற்கும்.

காவிரிக்கரை:
என் குடும்பத்தை இங்கே இழுக்க வேண்டாம். தங்கையைப் பற்றி எனக்குத் தெரியும். வீடு சொத்தா, இல்லையா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சிங்கைச்செல்வன்:
எங்கள் சிங்கப்பூரில் இந்தச் சிக்கலே இல்லை. 65 வயதானால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் குத்தகைக் காலத்தில் ஒரு பகுதியைக் கழகத்திடமே விற்றுவிட்டு, அதே வீட்டில் இருந்துகொண்டு மாத வருமானம் பெறலாம். ஆகவே வீட்டைச் சேர்க்கக் கூடாது என்பது சரியன்று. ரெகுலர் ஃபயருக்கு எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை:
செல்வன் அவர்களே, கேட்டவர் இருப்பது கும்பகோணத்தில். இங்கும் வீட்டில் இருந்துகொண்டே அதை ஈடு வைத்துப் பணம் பெறும் தலைகீழ் அடமானக் கடன் என்று 2007-ல் ஒரு திட்டம் வந்தது. ஆனால் அதற்கு 60 வயது ஆக வேண்டும், வீடு கடன் கேட்பவர் பெயரில் இருக்க வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை. இடையில் இருக்கும் பதினேழு ஆண்டுகளுக்குச் செங்கலை உடைத்தா செலவு செய்வார்?

காவிரிக்கரை அவர்கள் பதில் கேட்டுக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். வீடு முழுதும் அவருடையது என்றே வைத்துக்கொள்வோம். சேர்த்தே தீர வேண்டும் என்றால், செலவிலும் வாடகையைச் சேர்க்க வேண்டும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 13 ஆயிரம் கிடைக்கலாம், ஆண்டுக்கு 1.56 லட்சம். அப்போது செலவு 5.16 லட்சம், சொத்து 1.55 கோடி, ஏறத்தாழ 30 மடங்கு. 43 மடங்கு எந்த வழியிலும் வராது.

காவிரிக்கரை:
பாருங்கள், நீங்களே 30 மடங்கு என்கிறீர்கள். வீட்டைச் சேர்த்ததும் 25 இருந்தது 30 ஆகிறதே! ஆக வீடு சொத்துதான்.

கணக்குப்பிள்ளை:
இதில் பாதி சரி என்பதை மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பாதிதான் உங்களுக்கு ஆபத்து. 65 லட்சத்து வீட்டுக்கு 1.56 லட்சம் வாடகை என்றால் வருமானம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு. வீட்டின் விலை அதன் வாடகையைப் போல 41 மடங்குக்கு மேல் இருப்பதால்தான் சராசரி 30-க்கு உயர்ந்தது. அந்த உயர்வு உங்கள் கைக்கு வர ஒரே வழி, வீட்டை விற்பது. வரியும் தரகும் போக 60 லட்சம் வந்தால் நிதி 1.5 கோடி ஆகும், வாடகையோடு 5.16 லட்சம் செலவுக்கு அது 29 மடங்கு. வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் விற்றுவிட்டு வாடகைக்குப் போவதுதான் உங்களுக்கு நல்லது. விற்பீர்களா?

காவிரிக்கரை:
விற்பதா? அம்மா அந்தத் திண்ணையை விட்டு ஒரு நாள் வெளியே தங்கியதில்லை. அவரோடு பகலில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே வேலையையே விடுகிறேன்!

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் விற்காத வீட்டின் விலையை வைத்து அரிசி வாங்க முடியாது. உங்களுக்கு வேண்டியது தாயாருடன் இருப்பது, அந்த வீடு, அந்த ஊர். அதற்குப் பொருந்துவது லீன் ஃபயர்தான். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ரெகுலர் என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வீட்டை வெளியே வைத்துவிட்டு, 30 ஆயிரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று மறுபடியும் எழுதிப் பாருங்கள். மொட்டைமாடித் தட்டோடுகளை மாற்றுவது, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோவது போன்றவை எந்த மாதப் பட்டியலிலும் வராமல், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும். அலுவலகம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தாயாருக்கு இந்த வயதில் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போதே அவருக்குத் தனியாகக் காப்பீடு எடுத்துவிட்டுப் பிறகு வேலையை விடுவதுதான் முறை.

பிடிவாதமாக வேலையை விடுவதென்றால் முழுதாக விடாதீர்கள். பகுதிநேரமாகக் கணக்கெழுதியோ பாடம் சொல்லிக்கொடுத்தோ மாதம் 10 ஆயிரம் வந்தால், நிதியிலிருந்து எடுக்க வேண்டியது ஆண்டுக்கு 2.4 லட்சமாகக் குறையும். அதே 90 லட்சம் அப்போது 37 மடங்குக்கு மேல்.

அண்ணாநகர்வாசி:
பத்தாயிரம் ரூபாய்க்கு டியூஷன் எடுப்பதும் நிதி விடுதலைதான் போலிருக்கிறது! நல்லவேளை, ஐந்து கோடியில் இந்தத் தொல்லை எனக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை:
அண்ணாநகர் அன்பரே, அந்த ஐந்து கோடியில் நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு எவ்வளவு?

அண்ணாநகர்வாசி:
1.8 கோடி. ஏன், அதையும் பூஜ்யம் என்பீர்களோ?

கணக்குப்பிள்ளை:
மீதி 3.2 கோடி. உங்கள் ஆண்டுச் செலவு 15 லட்சம். 21 மடங்கு. நீங்கள் கேலி செய்த கும்பகோணத்துக்காரர் உங்களைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

அண்ணாநகர்வாசி:
தேவைப்பட்டால் விற்றுவிட்டுத் தாம்பரத்துக்குப் போய்விடுவேன். அண்ணா நகர் வீடும் கும்பகோணம் வீடும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை:
தாம்பரத்தில் வாங்கப்போகும் வீட்டின் விலையைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் நிதியில் சேருங்கள். வீட்டில் உள்ளவர்கள் அதற்குச் சம்மதிக்கிறார்களா என்பதையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் ஒன்றேகால் லட்சத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் படிப்பும் காரும் என்றால், படிப்பு முடிந்ததும் செலவு இறங்கலாம். அது வேறு கணக்கு, அதற்கு வேறு நிதி ஒதுக்க வேண்டும். அதைச் சொன்னால் நான் ஏற்பேன். வீட்டைச் சேர்ப்பதை ஏற்க மாட்டேன்.

வைகைமீனா:
படிப்புச் செலவு முடிந்ததும் கல்யாணச் செலவு வரும், ஐயா. அதையும் யாரும் எழுதவில்லை. காவிரிக்கரை சார், அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே ஓர் உயில் எழுதி வாங்கிவிடுங்கள், தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் அதைக் கேட்க எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது.

காவிரிக்கரை:
அம்மாவிடம் போய் உயில் கேட்பதா? அண்ணாநகர்வாசிக்கு 21 மடங்கு என்பதை மட்டும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வீட்டோடு சேர்த்து 43.

கணக்குப்பிள்ளை:
25.

சிங்கைச்செல்வன்:
மத்திய சேம நிதி பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.