பேபி மானிட்டர் விளம்பரம்: கடைசி வரிக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, தொட்டிலில் பொருத்தும் கேமரா மானிட்டருக்கு 30 விநாடி ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். வாடிக்கையாளர் கேட்கும் வரி: "இனி பயமில்லை, உங்கள் குழந்தையின் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள் காக்கிறோம்."

கருவி செய்வது படமும் சத்தமும் அனுப்புவது மட்டும்தான். மூச்சை அது அளப்பதே இல்லை. அளக்கும் கருவியாக இருந்தாலும், தூக்கத்தில் நிகழும் திடீர் மரணத்தைத் தடுக்கும் வழியாக அதை நம்பக்கூடாது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. இதைப் படித்திருக்கும் அம்மாவிடம் அந்த வரி எடுபடாது. படிக்காதவரிடம் எடுபட்டால் இன்னும் ஆபத்து.

காட்சியையும் மாற்றிவிட்டேன். ஸ்டோரிபோர்டில் தலையணை, கரடி பொம்மை, மெத்தென்ற போர்வை எல்லாம் இருந்தன (படத்துக்கு அழகுதான்). இப்போது கெட்டியான, சமதளப் படுக்கையில் குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறது, பக்கத்தில் எதுவுமில்லை. கேமரா ஒயர் கழுத்தில் சுற்றும் அபாயம் உண்டு என்பதால் தொட்டிலிலிருந்து 3 அடிக்கு மேல் தள்ளி, சுவரில். "தொட்டிலில் பொருத்தும்" என்ற சொல்லையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைய வரி: "அடுப்படியில் இருந்தாலும் அழுகை கேட்கும். எட்டிப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலைதான்." இரண்டாம் வாக்கியம் அதட்டுவதுபோல் இருக்கிறதோ? வாக்குறுதியும் மிரட்டலும் இல்லாமல் வேறு எப்படிச் சொல்லலாம்? கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.