முதல் கியர் வண்டி: ஸ்போர்ட் வண்டியில் மணிக்கட்டு வலிக்கிறது, எந்த வகை எனக்குப் பொருந்தும்?

ஊத்துக்குளிக்காரி

அனைவருக்கும் வணக்கம். ஊத்துக்குளிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூரிலுள்ள ஒரு பனியன் கம்பெனிக்குத் தினமும் போய்வருகிறேன். ஒரு வழிக்கு 18 கிலோமீட்டர். ஆறு ஆண்டுகளாக ஸ்கூட்டர்தான் ஓட்டினேன். இப்போது கியர் வண்டி வாங்கலாம் என்று முடிவு செய்து, பழகிக்கொள்வதற்காக என் தம்பியின் 150 சிசி ஸ்போர்ட் வண்டியை ஒரு வாரம் வேலைக்கு எடுத்துப் போனேன்.

மூன்றாம் நாளே இரண்டு மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிட்டன. சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சைப் பிடித்து விட்டதில் இடது கட்டைவிரலின் அடிப்பகுதி மரத்துப்போய், அன்று இரவு சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. ஆனால் சனிக்கிழமை பெருமாநல்லூரில் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கோவை வரை 70, 75 வேகத்தில் போனபோது அந்த வலி பெரிதாகத் தெரியவில்லை. அதிக தூரம் போன நாளில் குறைவாகவும், குறைந்த தூரம் போன நாளில் அதிகமாகவும் ஏன் வலிக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. விற்பனை நிலையத்தில் கேட்டால் பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். வீட்டுக்குப் போகும் கடைசி அரைக் கிலோமீட்டர் இட்டேரி. மழை பெய்தால் சேறாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைச் சென்னிமலைக்கு அழைத்துப் போவேன். அவர் சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகத்தான் உட்காருவார். கம்யூட்டர், ஸ்போர்ட், குரூஸர், அட்வெஞ்சர், நேக்கட் என்று ஐந்து வகை சொல்கிறார்கள். இவற்றில் எனக்கு எது சரிவரும்?

பெருந்துறை ஓட்டுநர்

வலிக்குக் காரணம் குனிந்து உட்காருவதுதான், சகோதரி. நிமிர்ந்து உட்காரும் வண்டிக்கு மாறினால் போதும். உங்கள் உயரத்துக்குக் குரூஸரைப் போல வசதியானது வேறில்லை. பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸின் இருக்கை 737 மில்லிமீட்டர் உயரம்தான் என்பதால் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும். காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் போலப் போய்வரலாம். அட்வெஞ்சர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது உயரமானவர்களுக்கான வண்டி.

கோபி பட்டறை

அம்மிணி, நான் கோபியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நெடுஞ்சாலையில் வலி குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியில் உட்கார்ந்தால் உடம்பின் எடை மூன்று இடங்களில் இறங்குகிறது: கை, இருக்கை, கால்மிதி. எந்த இடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் இந்த ஐந்து வகைகளும் வேறுபடுகின்றன. ஸ்போர்ட் வண்டியில் கைப்பிடி தாழ்ந்தும் கால்மிதி பின்னால் உயர்ந்தும் இருப்பதால் மேலுடம்பு முன்னால் சாய்ந்து, அதன் எடையில் ஒரு பங்கு உள்ளங்கையில் விழுகிறது. 70 வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பின்னுக்குத் தள்ளுவதால் அந்தப் பங்கு குறைந்துவிடும். திருப்பூர் நெரிசலில் 20, 25 வேகத்தில் அப்படித் தாங்குவதற்குக் காற்றே இல்லை. வேகமாக ஓட்டுவதற்கென்று அமைத்த இருக்கை நிலையில் நீங்கள் மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். உங்களிடமும் குறையில்லை, வண்டியிடமும் குறையில்லை.

பழகினால் சரியாகும் என்று சொன்னதும் முழுப் பொய்யன்று. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றையும் இடுப்பையும் கொண்டு மேலுடம்பைத் தாங்கக் கற்றுக்கொண்டால் கையின் சுமை குறையும். ஒரு சோதனை செய்து பாருங்கள். தம்பியை வண்டியைப் பின்னாலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஓட்டும் நிலையில் சாய்ந்தபடி இரு கைகளையும் பிடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பத்து எண்ணுங்கள். முன்னால் விழாமல் இருக்க முடிந்தால், அந்த நிலையை உங்கள் உடம்பு தாங்கும். முடியாவிட்டால் அந்த எடை முழுவதையும் மணிக்கட்டுதான் சுமந்திருக்கிறது. கிளட்ச் லீவரையும் ஒருமுறை பாருங்கள். விரல்களை லீவர்மேல் வைத்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். லீவர் மேல்நோக்கி நின்றால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் மணிக்கட்டு மடங்கும். கட்டைவிரல் மரத்ததற்கு அது பெரிய காரணமாக இருக்கலாம். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, லீவரைக் கீழே திருப்பி, மறுபடி இறுக்கினால் போதும். மரத்துப்போவது வண்டியை விட்ட பிறகும் நான்கைந்து நாள் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது லீவர் திருப்புவதால் தீராது.

பெருந்துறைத் தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். குரூஸரில் கைக்குச் சுமை இல்லை, காலும் நன்றாக ஊன்றும். ஆனால் காலை முன்னால் நீட்டும்போது கால்மிதியில் எடை இறங்குவதே இல்லை. எல்லாம் முதுகெலும்பின் அடியில் போய் உட்காருகிறது. நாற்காலியிலிருந்து எழும்போது நாம் பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதானே எழுகிறோம்? பாதம் முன்னால் இருந்தால் எழ முடியாது. அதேபோல வேகத்தடையையோ குழியையோ பார்த்தவுடன் இருக்கையிலிருந்து லேசாக எழும்ப குரூஸரில் வழியில்லை; அடி நேராக இடுப்புக்குப் போகும். ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் வரை எத்தனை வேகத்தடைகள் இருக்கின்றன என்று நாளைக்கு எண்ணிப் பாருங்கள்.

உடுமலை காற்றாலை

நானும் 5 அடி 4 அங்குலம்தான், இரண்டு ஆண்டுகளாக அட்வெஞ்சர் வண்டி ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை வால்பாறைக்குப் போய்வருவேன். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம், அகலமான கைப்பிடி என்பதால் திருப்புவதும் எளிது. ஆனால் ஆடி மாதத்தில் பல்லடம் சாலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, உயரமான வண்டியும் நிமிர்ந்த உடம்பும் சேர்ந்து பாய்மரம் போலாகிவிடுகின்றன. பக்கப்பெட்டி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். நான் இப்போது அந்த மாதத்தில் பெட்டிகளைக் கழற்றி வைத்துவிடுகிறேன். மலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் சகோதரி தயங்காமல் அட்வெஞ்சர் வாங்கலாம்.

ஊத்துக்குளிக்காரி

மலைப் பயணம் என் திட்டத்தில் இல்லை, அண்ணா. இருந்தாலும் இட்டேரியை நினைத்தால் அட்வெஞ்சர் மீது ஆசை வருகிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியின் இருக்கை 825 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். என் உள்காலை அளந்தால் 73 சென்டிமீட்டர்தான் வருகிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு எந்த வண்டியிலுமே கால் எட்டாது போலிருக்கிறதே?

கோபி அண்ணா சொன்னபடி லீவரைப் பார்த்தேன், மேல்நோக்கித்தான் இருந்தது. கைதூக்கும் சோதனையில் ஐந்து எண்ணுவதற்குள் முன்னால் சரிந்துவிட்டேன்.

கோபி பட்டறை

காகிதத்திலுள்ள உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்தவுடன் ஷாக் அப்சார்பர் அமுங்கி வண்டி கொஞ்சம் இறங்கும். அட்வெஞ்சர் வகையில் ஷாக் அமுங்கும் தூரம் அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாக இறங்கும். செருப்பின் தடிமனும் கணக்கில் சேரும். எல்லாவற்றையும்விட, இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது, குறுகலாக இருந்தால் அதே உயரத்திலும் எட்டும். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் இருக்கை 785. அதில் உங்களுக்கு இரண்டு முன்பாதங்களும் நன்றாகப் பதியும். எக்ஸ்பல்ஸில் நுனிவிரல்கள்தான் தொடும். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒற்றைக் காலை ஊன்றும் பழக்கம் வேண்டியிருக்கும்.

உடுமலைத் தம்பி அப்படித்தான் ஓட்டுகிறார், அதில் தவறில்லை. ஆனால் அவர் மலைச்சாலையில் ஓட்டுகிறார். உங்கள் சிக்கல் சேற்றில் வண்டியை நிறுத்தித் திருப்பும்போது வரும். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, எக்ஸ்பல்ஸ் ஏறக்குறைய 160 கிலோ. ஓடும்போது அந்த வித்தியாசம் தெரியாது. இட்டேரியில் வழுக்கிச் சாயத் தொடங்கும்போது, நுனிவிரலில் நிற்பவருக்கு அந்தக் கூடுதல் 48 கிலோவும் ஒரே நொடியில் தெரியும். சேற்றில் ஓடிக்கொண்டே போவதற்கு அட்வெஞ்சர்தான் சிறந்தது, நிற்க நேர்ந்தால் இலகுவான வண்டிதான் சிறந்தது. உங்கள் அரைக் கிலோமீட்டரில் இந்த இரண்டில் எது அதிகம் நேர்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பீளமேடு நேக்கட்

யாருமே நேக்கட் வகையைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். யமஹாவின் ஆர்15, எம்டி-15 இரண்டுக்கும் ஒரே 155 சிசி எஞ்சின்தான். இருக்கை உயரம்கூட 815, 810 என்று ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஸ்போர்ட் வகையான ஆர்15இல் தாழ்ந்த கைப்பிடி, நேக்கட் வகையான எம்டி-15இல் உயர்ந்த அகலக் கைப்பிடி. நான் முதலாவதை ஓட்டிவிட்டு இரண்டாவதற்கு மாறியவன். கை வலி ஒரு வாரத்தில் நின்றது. லேசாக முன்சாய்ந்து உட்காருவதால் குழி வந்தால் எழும்பவும் முடிகிறது. நெடுஞ்சாலையில் காற்று முழுவதும் நெஞ்சில்தான் வாங்க வேண்டும், அது ஒன்றே குறை. நகர நெரிசலுக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கை நிலை கிடையாது என்பேன்.

கோபி பட்டறை

ஓட்டுபவருக்கு நீங்கள் சொல்வது சரி. அந்த அம்மாவை எங்கே உட்கார வைப்பது? இந்த வகை வண்டிகள் பலவற்றிலும் பின்னிருக்கை தனியாகப் பிரிந்து, குறுகி, உயர்ந்து நிற்கிறது. சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்கார்ந்தால் தொடையில் பாதிகூட அதில் அமையாது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத வண்டிகளும் உண்டு. வாங்கும்போது சேலைத் தடுப்பும் பின் கைப்பிடியும் பொருத்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்ட ஒற்றை இருக்கையுள்ள நேக்கட் வண்டி அமைந்தால் நானும் மறுக்க மாட்டேன்.

ஊத்துக்குளிக்காரி

நேற்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு விற்பனை நிலையங்களுக்குப் போய், ஒவ்வொரு வண்டியிலும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். குரூஸரில் இருவருக்குமே உட்கார இதமாக இருந்தது. ஆனால் காலை நீட்டியபடி எழும்பிப் பார்த்தேன். கைப்பிடியை இழுக்காமல் எழவே முடியவில்லை. பிரிந்த இருக்கையுள்ள நேக்கடில் ஏறிய அம்மா, மறு நொடியே என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். 125 சிசி கம்யூட்டர் ஒன்றில் கைதூக்கும் சோதனையில் பத்து எண்ணியும் சரியவில்லை, அம்மாவும் கம்பியைப் பிடித்து ஒழுங்காக உட்கார்ந்தார். ஒற்றை இருக்கையுள்ள 160 சிசி நேக்கட் ஒன்றும் இருவருக்கும் அமைந்தது, எடைதான் கூடுதல். வரும் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால், இரண்டையும் இட்டேரியில் ஓட்டிப் பார்க்கத் தருவதாக ஒரு கடையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தம்பியின் வண்டியில் லீவரைத் திருப்பிவிட்டேன். கட்டைவிரல் மரப்பு நின்றுவிட்டது, மணிக்கட்டு வலி மட்டும் இன்னும் இருக்கிறது.