சொந்தக் கடைக்கு வாடகை எதுக்குன்னு விட்டுட்டேன்: உங்களுக்கும் இப்படி ஆச்சா?

காங்கேயத்துப் பொண்ணு:
பி.இ. முடிச்சதும் கோயமுத்தூர்ல ஒரு வேலை கிடைச்சுது, கைக்கு 26,000. பத்து நாள்ல பதில் சொல்லணும். எனக்கோ மரச்செக்கு போட ஆசை. கொப்பரை, கரண்ட், ஆள் கூலி போக மாசம் 21,000 நிக்கும்னு நோட்டுல எழுதிக் காட்டினேன். "அஞ்சாயிரம்தானே குறையுது"ன்னு அப்பா தலையாட்டிட்டார். அம்மாயி வெத்தலையைக் கிள்ளிக்கிட்டே, "நீ செக்கு போடற நம்ம கடையில வாடகைக்கு இருந்த தையல்காரர் மாசம் அஞ்சாயிரம் குடுத்தாரே கண்ணு, அதை எங்க எழுதியிருக்கே?"ன்னு கேட்டுச்சு.

எழுதவே இல்லை. மெஷினுக்கு உடைக்க இருந்த 6 லட்சம் டெபாசிட் 7 சதவீதத்துக்குக் கிடந்தது. அந்த வட்டி மாசம் 3,500, அதுவும் நோட்டுல இல்லை. ரெண்டையும் கழிச்சா 12,500தான். அப்படியும் செக்கு போட்டேன், ஏழு மாசம் ஆச்சு. அந்தக் கேள்வி மட்டும் போகலை.

சேலத்துக்காரன்:
காலேஜுக்குக் கட்டின பணத்தையும் கழிங்க. என் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன், வேலைக்குப் போனாத்தான் அது திரும்பும். அப்புறம் கோயமுத்தூர்ல ஹாஸ்டல், சாப்பாடுன்னு 9,000 போயிருக்குமே?

பழைய கணக்குப்பிள்ளை:
ஹாஸ்டல் சரி, ஃபீஸ் தப்பு தம்பி. அவங்க செக்கு போட்டாலும் வேலைக்குப் போனாலும் ஃபீஸ் போனது போனதுதான். எதைத் தேர்ந்தெடுத்தா எது கைவிட்டுப் போகுதுன்னு மட்டும்தான் பார்க்கணும். அப்போ 26,000ல 9,000 போக நிக்கிற 17,000க்கும் 12,500க்கும் நடுவுல 4,500தான் வித்தியாசம். வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை போட்டா கொஞ்சம் கூடும்.

நான் மில் வேலையை விட்டு மளிகைக் கடை வச்சவன். எட்டு வருசம் லாபம்னே எழுதினேன். கல்லாவுல என் மனைவி உட்கார்ந்திருந்தா. அவளுக்கு உடம்பு முடியாமப் போய் அந்த இடத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்ட மாசம், லாபம் பாதியாச்சு. எட்டு வருசமும் அவ உழைப்பைத்தான் லாபம்னு எழுதியிருக்கேன். அன்னைக்கு அந்த நோட்டைத் திறக்கவே கை வரலை.

திருப்பூர் அண்ணன்:
தங்கச்சி, சொந்தப் பணத்தை ஏன் போட்டீங்க? பட்டதாரிகளுக்கு தமிழ்நாடு அரசோட நீட்ஸ் திட்டம் இருக்கு, முதலீட்டுல 25 சதவீதம் மானியம். மாவட்டத் தொழில் மையத்துல போய்க் கேளுங்க. திட்ட அறிக்கையை நீங்களே எழுதுங்க, ஏஜென்ட்கிட்ட குடுக்காதீங்க. மெஷின் விலைப்புள்ளி ரெண்டு மூணு இடத்துல வாங்குங்க. நான் பனியன் யூனிட் போட்டப்ப ஒரே இடத்துல வாங்கி, பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க.

காங்கேயத்துப் பொண்ணு:
மெஷின் வாங்கியாச்சுங்கண்ணா, நான் கடன் கேக்கலை. ஐயா சொன்னதுதான் உறுத்துது, சாயந்திரம் பாட்டில் கழுவி நிரப்புறது எங்கம்மா. அதையும் நான் எழுதலை. நூறு கிலோ கொப்பரைக்கு அறுபது கிலோ சொச்சம்தான் எண்ணெய். கொப்பரை ஏறின மாசம் 21,000க்குப் பதிலா 14,000தான் நின்னுது. அதே கம்பெனியில திரும்ப ஆள் எடுக்கறாங்க. படிவம் வந்திருக்கு, இன்னும் நிரப்பலை.